திரும்பிப் படுத்த புகைப்படம்

இறந்துபோனவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. அது என் தலையில் வந்து விழுந்தது. இரண்டாயிரத்து ஆறு ஏழு வாக்கில். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் சாரும் நானும் நான்கு கம்ப்யூட்டர்களும். சார் ஆர்டர் பிடித்து வருவார், நான் புரோகிராம் எழுதுவேன். கம்ப்யூட்டர் படித்தவள் எல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இருமல் மருந்து வாசனையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு உலகத்தின் மேலேயே ஒரு கோபம் இருந்த காலம்.

கிழக்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருந்த பாய் ஒருவர்தான் வாடிக்கையாளர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அட்டை, இவற்றில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்தச் சாதி, எந்த மதமாக இருந்தாலும் சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் போன் வரும். போஸ்டர் நான்கு நாளில் மழையில் கிழிந்துவிடுகிறது, இன்டர்நெட்டில் போட்டால் கிழியாதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒரு பெரிய படம், கீழே நாலு வரி. படத்துக்கு அடியில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும், மவுஸால் தட்டினால் எரியும். அந்த மெழுகுவர்த்தியை எரிய வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

சைட் திறந்த மூன்றாம் நாள் பாய் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. ஆனாலும் நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னாம்மா இது? நிக்கிற மன்சன படுக்க வெச்சிகீறே?"

"ஏத்தினவங்க சாய்ச்சு ஏத்தியிருப்பாங்க பாய்."

"ஏத்துனதே நான்தாம்மா. என் கம்ப்யூட்டர்ல பாத்தா நேரா கீது. உன் சைட்ல ஏத்துனா படுத்துகினு கீது. செத்தவங்கள ரெண்டாவது தபா படுக்க வெச்சா வூட்டுக்காரங்க என்னைய சும்மா வுடுவாங்களா? ஒரே பேஜாரா போச்சு."

பார்த்தேன். உண்மைதான். அறுபது எழுபது படங்களில் எட்டுப் படங்கள் பக்கவாட்டில் கிடந்தன. மாலையும் வேட்டியுமாக நின்றவர்கள் எல்லாம் கட்டையாய்ச் சாய்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. கேமராவை நாம் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தாலும் உள்ளே படத்தைப் பதியும் சிப்புக்கு, அந்தச் சில்லுக்கு, அது தெரியாது. அது எப்போதும் அகலவாட்டில்தான் படத்தைப் பதிவு செய்யும். ஆள் படுத்த மாதிரிதான் ஃபைலுக்குள் போவார். அப்போது வந்துகொண்டிருந்த நல்ல கேமராக்களில், எப்படிப் பிடித்திருக்கிறோம் என்று உணர ஒரு சின்னப் பொறி உண்டு. அது படத்தைத் தொடாது. ஃபைலின் தலைப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாத குறிப்புப் பகுதியில், எடுத்த தேதி, கேமராவின் பெயர் இவற்றோடு சேர்த்து ஓர் எண்ணை எழுதி வைக்கும். ஒன்று என்றால் இருக்கிறபடியே காட்டு. ஆறு என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிக் காட்டு. எட்டு என்றால் இடப்பக்கமாகக் கால் சுற்று. மூன்று என்றால் தலைகீழாக இருக்கிறது, அரைச் சுற்றுத் திருப்பு. பாயின் கம்ப்யூட்டரில் இருந்த படம் பார்க்கும் சாஃப்ட்வேர் அந்த எண்ணைப் படித்துத் திருப்பிக் காட்டியது. அன்றைய பிரவுசர்கள் அந்த எண்ணைச் சட்டை செய்யாமல், கிடப்பதைக் கிடந்தபடியே காட்டின. மற்ற படங்கள் எல்லாம் ஸ்டுடியோ பிரிண்டை ஸ்கேன் செய்தவை. அவற்றில் எண்ணே கிடையாது, அதனால் தொல்லையும் கிடையாது.

முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் எண்ணைப் படித்து, படத்தைத் திருப்பி, புதிதாகச் சேமித்தது. படம் நேரானது. ஆனால் அப்படிச் சேமிக்கும்போது தலைப்பில் இருந்த எல்லாமே உதிர்ந்துபோயின, எடுத்த தேதி உட்பட. பாய்க்குத் தேதி வேண்டும். "இன்ன தேதில எடுத்த போட்டோன்னு கீழ வந்தா வூட்டுக்காரங்க அத்த பாத்து அழுவாங்கம்மா" என்றார். வியாபாரம் தெரிந்தவர். அதனால் வேறொரு கருவிக்கு மாறினேன். அது படத்தின் தரம் கெடாமல் திருப்பும். தலைப்பில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே புதிய ஃபைலுக்கு நகல் எடுக்கும். எங்கள் சர்வர் ஏழைச் சர்வர், படம் ஏறும்போதே இந்த வேலையைச் செய்யச் சொன்னால் மூச்சு முட்டி நின்றுவிடும். எனவே தினமும் விடியலில் ஒருமுறை ஸ்கிரிப்ட் தானாக ஓடி, ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்து, எண் ஒன்றாக இல்லாதவற்றைத் திருப்பிவிடும்படி வைத்தேன். மறுநாள் காலை எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். தேதியும் இருந்தது. பாய் பிரியாணி அனுப்பினார். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் முதல் போன் வந்தது.

"நான் பெருங்களத்தூர்லேருந்து பேசறேன்மா. ரிடையர்டு டீச்சர். என் வீட்டுக்காரர் படம் உங்க சைட்ல இருக்கு. அமெரிக்காவிலேருந்து என் பையன் பாய்க்கு அனுப்பினான். நேத்து நல்லா இருந்தார். இன்னிக்குப் படுத்துட்டார்."

சைட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் போனேன். ஐம்பத்தைந்து அறுபது வயது மனிதர், கோடு போட்ட சட்டை, கடற்கரையோ என்னவோ பின்னால் வெளிச்சமாக இருந்தது. விறைப்பாக நேராக நின்றார்.

"இங்க நேராத்தான் இருக்கார் டீச்சர். எங்க பார்க்கறீங்க?"

"வீட்டுக்குப் பக்கத்துல பிரவுசிங் சென்டர்ல."

"அந்த கம்ப்யூட்டர்ல பழைய படம் தங்கியிருக்கும். கேஷ் கிளியர் பண்ணச் சொல்லுங்க."

அவர் சரிம்மா என்று வைத்துவிட்டார். இரண்டு நாளில் மறுபடியும் போன். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "நேத்து தலைகீழா இருந்தார்மா. இன்னிக்கு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்திருக்கார்." நான் மறுபடியும் திறந்தேன். மனிதர் நேராக நின்றார். பட்டியல் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தையும் பார்த்தேன். அதிலும் நேராகத்தான் நின்றார். வயதானவர், துக்கத்தில் இருக்கிறார், கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும் என்று முடிவு கட்டினேன். அப்படியே சொல்லவும் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலாகவே. "டீச்சர், கண் டாக்டரைப் பாருங்க." அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

இப்படி இரண்டு வாரம் போனது. அவர் போன் செய்வார். நான் பார்ப்பேன். நேராக இருக்கிறார் என்பேன். ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, கையில் குடை. மாடிப்படியில் ஏறும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். சார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டீச்சர் பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து என் மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு சொல். நேர். இடது. தலைகீழ். வலது. நேர். இடது. தலைகீழ். வலது. அழகான, கரும்பலகைக் கையெழுத்து.

"நான் கணக்கு டீச்சர்மா. கண்ணு கெட்டிருந்தா கன்னாபின்னான்னு தெரியணும். நாலு நாளுக்கு ஒருதரம் ஒழுங்கா நேரா வரார். இதுக்கு என்ன அர்த்தம்?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"எங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கூடாதும்மா. இறந்தவங்க கர்த்தர்கிட்ட போயிடறாங்க, இளைப்பாறுறாங்க, அவ்வளவுதான். நான் அதை எத்தனை சாவு வீட்டுல சொல்லியிருக்கேன். ஆனா இவரு இளைப்பாறலையே. தினமும் புரண்டு புரண்டு படுக்கறாரே."

அப்புறம்தான் சொன்னார். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தானாகத் திரும்ப முடியாது, பேச்சும் இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொன்னார்கள். ஒரு பக்கம், மல்லாக்க, மறுபக்கம், மறுபடி மல்லாக்க. பகலும் ராத்திரியும். மகன் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் தங்கவில்லை. பதினோரு மாதமும் இவர்தான் திருப்பினார், தன் நாற்பத்தைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு. "ஒரு புண்ணு வரலைம்மா. டாக்டரே ஆச்சரியப்பட்டார்."

கடைசி நாள் முற்பகல் பத்து மணிக்குத் திருப்ப வேண்டும். இடுப்பு விட்டுப்போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இன்னும் அஞ்சே நிமிஷம் என்று உட்கார்ந்திருக்கிறார். கண் சொருகிவிட்டது. விழித்தபோது பதினொன்றேகால். அவர் போய்விட்டிருந்தார்.

"டாக்டர் சொன்னார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு. ஆனா திருப்புன்னு கேட்க அவருக்கு வாய் இல்லையேம்மா. கண்ணாலதான் கேட்பாரு. அந்த ஒரு தடவை கேட்டப்ப நான் தூங்கிட்டேன். அதான் இப்ப தானே திரும்பிப் பார்த்துக்கறார்."

பயம் என்று சொன்னால் சின்னச் சொல். பட்டப்பகல், கீழே ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான், நான் நாற்காலியைத் திரையை விட்டுப் பின்னால் தள்ளினேன். அவரைத் தேற்றத்தான் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். "பாருங்க டீச்சர், நீங்களே பாருங்க." படம் நேராக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமா, இங்க நேரா இருக்கார். ஆனா காலைல சென்டர்ல படுத்திருந்தார்மா."

இரண்டு வாரமாக அவரிடம் கேஷ் கிளியர் பண்ணுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அதை ஒருமுறைகூட என் கம்ப்யூட்டரில் செய்து பார்த்திருக்கவில்லை. அப்போதுதான் கன்ட்ரோலையும் எஃப் ஐந்தையும் சேர்த்து அழுத்தினேன்.

திரை ஒரு கணம் வெள்ளையானது. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம் இறங்கி வந்தது. மனிதர் இடப்பக்கமாகப் படுத்திருந்தார். எங்கள் இரண்டு பேரின் கண் முன்னால் அவர் திரும்பிப் படுத்தார்.

நான் கத்திவிட்டேன். சார் ஓடி வந்தார். டீச்சர் கத்தவில்லை. "பார்த்தியாம்மா" என்றார். என்னை நம்பவைத்துவிட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. அவரைக் குடையோடு கீழே கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி மேலே வந்தேன். 

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. படங்கள் நேரான அன்றே, பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று, ஒருமுறை பார்த்த படத்தை ஒரு மாதம் கையிலேயே வைத்துக்கொள்ளும்படி பிரவுசருக்குச் சொல்லி வைத்தது நான்தான். என் பிரவுசர் அன்று வாங்கிய நேர்ப் படத்தையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிரவுசிங் சென்டரில் ஒருவர் எழுந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். எனவே சர்வரில் உண்மையில் இருந்ததைத் தினமும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பட்டியலில் இருந்த சின்னப் படமும் படங்கள் நேரான அன்று ஒருமுறை செய்யப்பட்டது, அதை யாரும் மறுபடி தொடவில்லை.

சர்வரில் இருந்த ஃபைலின் தலைப்பைத் திறந்தேன். ஆறு.

படத்தைத் திருப்பிய கருவி, தலைப்பை ஒரு எழுத்து விடாமல் நகல் எடுக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஆறையும் சேர்த்தே எடுத்திருக்கிறது. முதல் விடியலில் படம் நேரானது. ஆனால் எண் இன்னும், வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் விடியலில் என் ஸ்கிரிப்ட் வந்து ஆறைப் பார்த்தது. திருப்பியது. மூன்றாம் விடியலிலும் ஆறு. திருப்பியது. நான்கு கால் சுற்றுக்கு ஒரு முழுச் சுற்று. நேர், இடது, தலைகீழ், வலது. திருப்பியாகிவிட்டது என்று எண்ணை ஒன்றாக மாற்றி எழுத வேண்டும், அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

மற்ற ஏழு படங்களையும் திறந்து பார்த்தேன். ஏழு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் யாரும் போன் செய்யவில்லை. ஒருவரும் மறுபடி வந்து பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், தினமும் விடிந்தால் ஏழு பேர் புரண்டு படுத்துக்கொண்டிருந்தார்கள். எண் மூன்று கொண்ட ஒரு கிழவியம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் வீட்டுக்காரரை விட அந்த ஏழு பேர்தான் என்னை அதிக நாள் தொந்தரவு செய்தார்கள். வேலைக்கு வரும்போது, சானட்டோரியம் ஸ்டேஷன் தாண்டி ரயில் மெதுவாகும்போதெல்லாம் அந்த முகங்கள் வந்துவிடும்.

சார் கையைப் பிசைந்தார். "சத்தமில்லாம சரி பண்ணிடும்மா. பாய்க்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிடும். டீச்சர் கேட்டா சர்வர் பிராப்ளம்னு சொல்லு." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தப்பை ஒத்துக்கொள்வதில் நான் என்றுமே சூரப்புலி இல்லை. எட்டுப் படங்களையும் நேராக்கி, எட்டிலும் எண்ணை ஒன்றாக்கினேன். இனி ஸ்கிரிப்ட் ஒரு படத்தைத் திருப்பினால் கையோடு ஒன்று என்று எழுதிவிட்டுத்தான் நகரும். டீச்சருக்குப் போன் செய்தேன். "சர்வர்ல சின்னக் கோளாறு டீச்சர். சரி பண்ணியாச்சு." அவர் அப்படியாம்மா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் போன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது.  எடுத்ததும் அழுகைதான் கேட்டது.

"அஞ்சு நாளா திரும்பவே இல்லைம்மா. அப்படியே இருக்கார். அன்னிக்கும் இப்படித்தான், நான் முழிச்சுப் பார்த்தப்ப அப்படியே இருந்தார். நான் உன்கிட்ட வந்து சொன்னது அவருக்குப் பிடிக்கலையோ? கோவிச்சுக்கிட்டாரோ?"

என்னால் தாங்க முடியவில்லை. இல்லாத ஒன்றை நான் ஒரு தடவை அவருக்குக் கொடுத்து, இப்போது அதைப் பிடுங்கியும் கொண்டிருக்கிறேன். "டீச்சர், கொஞ்சம் நேர்ல வரமுடியுமா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். சார் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சில்லு, பொறி, எண், விடியலில் ஓடும் ஸ்கிரிப்ட், நான் எழுதாமல் விட்ட வரி. "அவர் திரும்பலை டீச்சர். நான்தான் திருப்பினேன். தினமும். தெரியாம. கண் டாக்டர்கிட்டப் போங்கன்னு வேற சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கணக்கு டீச்சர், கேள்விதான் கேட்டார்.

"அந்த நம்பர் என்ன?"

"ஆறு."

"இப்ப?"

"ஒண்ணு."

"படத்தை எடுத்தப்ப கேமராவை எப்படிப் பிடிச்சாங்கன்னு மட்டும்தான் அந்த ஆறுக்குத் தெரியும். அதுக்கப்புறம் யாரு திருப்பினாங்க, திருப்பலைன்னு தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா டீச்சர்." இவ்வளவு தெளிவாக எனக்கே சொல்ல வந்திருக்காது.

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, யாரிடமோ அனுமதி கேட்பவர் போல, "ஒரேயொரு தடவை திருப்பித் தருவியாம்மா? இடது பக்கமா" என்றார். "நான் விட்டது அந்தப் பக்கம்தான்."

நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்வருக்குள் போய், அந்தப் படத்தை வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பும் கட்டளையை அடித்தேன். தலை நம் வலப்பக்கம் போனால் அவருடைய இடத்தோள் கீழே வரும், அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். என்டரை அழுத்தவில்லை. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

டீச்சர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்புக்கு ஒரு கையைக் கொடுத்தார். பாரம் தூக்கப் போகிறவர் நிற்கும் நிலை அது. மறுகையின் ஒரு விரலால் என்டரை அழுத்தினார். நான் பக்கத்தைப் புதுப்பித்தேன். அவர் இடப்பக்கமாகப் படுத்தார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் அவர் கண்ணை மூடவில்லை. நான் டீ வாங்கி வந்து வைத்தேன், ஆடை படிந்து அப்படியே ஆறியது. சைட் உலகத்துக்கெல்லாம் திறந்துதான் கிடந்தது, யார் பார்த்தாலும் மனிதர் படுத்துத்தான் இருப்பார். அமெரிக்காவில் மகன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். நடுவில் பாய் ஏதோ போஸ்டர் விஷயமாக மேலே வந்தார். திரையில் சாய்ந்து கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மறுபடியும்..." என்று ஆரம்பித்தவர், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஆயிரம் சாவு வீடு பார்த்த மனிதர். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்றார். பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

ஒன்றரை மணிக்கு டீச்சர் நிமிர்ந்தார்.

"போதும்மா. இப்ப மல்லாக்கப் படுக்க வை."

எதிர்ப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினேன். எண் ஒன்றுதானா என்று பார்த்தேன். ஒன்றுதான். பக்கத்தைப் புதுப்பித்தபோது, கோடு போட்ட சட்டைக்காரர் எங்கள் கண்ணுக்கு நேராக நின்றார். டீச்சர் கண்ணுக்கு எப்படி இருந்தாரோ.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குடையை எடுப்பதற்கு முன்னால் குனிந்து, அந்தக் கண்ணாடித் திரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒருமுறை அழுத்தி நீவினார்.

"விரிப்புல சுருக்கம் இருக்கக் கூடாதும்மா" என்றார். "அதுதான் முதுகை அறுக்கும்."